பிழை தெரியாத பிழைகள்

வெளிநோயாளிப் பிரிவில் ஒருவரைப் பார்த்து முடித்ததும், சில மருத்துவர்கள் தம் குறிப்பை ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்கிறார்கள். அதை ஒருவர் கேட்டுத் தட்டச்சு செய்ய, இன்னொருவர் மெய்ப்புப் பார்க்கிறார். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் எனப்படும் இவ்வேலையில் எழுத்துப்பிழையால் பெரிய ஆபத்தில்லை. கண் அதைப் பிடித்துவிடும். சரியான வாக்கியம்போலவே நிற்கும் தவறுதான் ஆபத்தானது.

60 வயதுப் பெண்ணைப் பற்றிய குறிப்பு ஒன்று இப்படித் தட்டச்சாகி வருகிறது என்று கொள்வோம்: ‘காய்ச்சல் உண்டு. உடல் வெப்பம் 98.4. மருந்து ஒவ்வாமை உண்டு. அரிப்புக்கு ஹைட்ரலசின் 25 மில்லிகிராம். தைராய்டுக்கு லெவோதைராக்சின் 15 மைக்ரோகிராம்.’

ஹைட்ரலசின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. அரிப்புக்குத் தருவது ஹைட்ராக்சிசின். வேகமாகச் சொன்னால் இரண்டும் காதுக்கு ஒன்றே. அளவை வைத்தும் பிரிக்க முடியாது. இரண்டிலுமே 10, 25, 50 மில்லிகிராம் மாத்திரைகள் உண்டு. எதற்காகத் தரப்பட்டது என்பது மட்டுமே இங்கே துணை. அதனால்தான் மருந்தின் பெயரை நோயோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

காய்ச்சல் உண்டு என்ற வரியும் 98.4 டிகிரியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மருத்துவர் ‘ஏஃபீப்ரைல்’, அதாவது காய்ச்சல் இல்லை, என்று சொல்லியிருக்க, முதல் ‘ஏ’ விழுங்கப்பட்டு ‘ஃபீப்ரைல்’ ஆகியிருக்கலாம். ஆனால் வீட்டில் காய்ச்சல் அடித்து, மாத்திரையால் தணிந்தும் இருக்கலாமே! எனவே எண்ணைப் பார்த்துச் சொல்லை மாற்றக்கூடாது; ஒலிப்பதிவின் அந்த இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும். ஒவ்வாமை உண்டு என்று சொல்லிவிட்டு எந்த மருந்து என்று சொல்லாததும் இதே வகைத் தடயம். பெரும்பாலும் முன்னே ஒரு ‘நோ’ தொலைந்திருக்கும். பதிவுப் பொத்தானைத் தாமதமாக அழுத்தினாலே வாக்கியத்தின் முதல் சொல் போய்விடும்.

இத்தகைய தடயம் எப்போதும் கிடைப்பதில்லை. ‘நெஞ்சுவலி இல்லை’ என்பது ‘நெஞ்சுவலி உண்டு’ என்று மாறினால், அந்த வரி தன்னளவில் முழுமையாகவே இருக்கும்; எத்தனை முறை படித்தாலும் பிடிபடாது. ஆகவே முதல் சுற்றில் ஒலியைக் கேட்டுக்கொண்டே வரிவரியாக ஒப்பிட வேண்டும். பொருள் முரணைத் தேடும் வாசிப்பு அதன் பிறகுதான்.

இனி அந்த 15. லெவோதைராக்சின் மாத்திரை 25, 50, 75, 100 போன்ற அளவுகளில்தான் பரவலாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் பிரித்துக் காட்டுவது அழுத்தம்: பதினைந்தில் அது பின்பாதியில் விழும், ஐம்பதில் முன்பாதியில். மெதுவாக ஓடவிட்டுக் கேட்டும் துலங்கவில்லை என்றால் 50 என்று ஊகித்து நிரப்பக்கூடாது. எண்ணுக்குரிய இடத்தை வெற்றாக விட்டு, ‘2:14, பதினைந்தா ஐம்பதா?’ என்று ஒலிப்பதிவின் நேரத்தோடு குறித்து மருத்துவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மருத்துவரே வாய் தவறி, ஓரிடத்தில் இடது முழங்கால் என்றும் அடுத்த பத்தியில் வலது என்றும் சொல்வதுண்டு. ஒலி தெளிவாக இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மெய்ப்புப் பார்ப்பவருக்கு இல்லை. சொன்னபடியே வைத்து, இரண்டு இடங்களையும் சுட்டிக் கேள்வி எழுப்புவார். திருத்திக் கையொப்பமிட வேண்டியவர் மருத்துவர்.