டைம்ஷீட் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து இன்வாய்ஸ் வரை

மணிக் கணக்கில் வேலை செய்யும் ஃப்ரீலான்சர்கள் பலர் நேரத்தைக் குறிக்க ஒரு டைமர் ஆப் வைத்திருக்கிறார்கள். வார முடிவில் அதன் டைம்ஷீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பார்த்து இன்வாய்ஸ் தயாரிக்கிறார்கள். எல்லா வேலைக்கும் ஒரே கட்டணம் என்றால் மொத்த மணியைக் கட்டணத்தால் பெருக்கினால் போதும். டிசைனுக்கு ஒன்று, கோடிங்குக்கு ஒன்று, மீட்டிங்குக்கு ஒன்று என்று கட்டணம் மாறும்போதுதான் கணக்கு இடறுகிறது.

ஒரு கடைக்கு வெப்சைட் செய்து தருபவரின் ஒரு வாரக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பேசிய கட்டணம், மணிக்கு டிசைனுக்கு 800 ரூபாய், கோடிங்குக்கு 1,200 ரூபாய், மீட்டிங்குக்கு 500 ரூபாய். ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பவை இவை:

| நாள் | வேலை | நேரம் |
|---|---|---|
| திங்கள் | டிசைன் | 2:45 |
| திங்கள் | மீட்டிங் | 0:40 |
| செவ்வாய் | கோடிங் | 3:50 |
| புதன் | டிசைன் | 2:20 |
| புதன் | கோடிங் | 2:15 |
| வியாழன் | மீட்டிங் | 0:35 |
| வியாழன் | இமெயில் | 0:30 |
| வெள்ளி | கோடிங் | 3:15 |
| | மொத்தம் | 16:10 |

ஸ்கிரீன்ஷாட் என்பது வெறும் படம். அதிலுள்ள எண்களைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது 3 என்பது 8 ஆகலாம், படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு வரி விட்டுப்போகலாம். அதனால் எழுதி முடித்ததும் முதல் வேலை, வரிகளைக் கூட்டி அடியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுவது. மேலே உள்ள எட்டு வரிகளும் சேர்ந்து 16:10 வருகின்றன. வராமல் போனால், குறையும் நேரமே தடம் காட்டும். இருபது நிமிடம் குறைந்தால் 3:50 என்பதை 3:30 என்று படித்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு முழு வரியின் நேரம் குறைந்தால் அந்த வரியே விட்டுப்போயிருக்கும்.

அடுத்து, காசு வாங்காத வேலையைப் பிரிக்க வேண்டும். இந்த வாரத்தில் இமெயிலுக்குச் செலவான அரை மணி நேரத்துக்குப் பணம் கேட்பதில்லை என்று முன்பே பேச்சு. பல ஆப்களில், கட்டணம் உள்ள வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு டாலர் குறி இருக்கும். அது மங்கலாக இருந்தால் அந்த நேரம் பில்லில் சேராது. இங்கே இமெயிலைக் கழித்தால் பில்லுக்குரிய நேரம் 15:40.

இனி வேலை வாரியாகக் கூட்ட வேண்டும். டிசைன் 2:45, 2:20 சேர்ந்து 5:05. கோடிங் மூன்று வரிகள் சேர்ந்து 9:20. மீட்டிங் இரண்டும் சேர்ந்து 1:15. மூன்றையும் கூட்டினால் 15:40, சரி.

அதிகம் பேர் தவறும் இடம் இதற்கு அடுத்தது. மணி நேரம் அறுபதால் ஆனது, கால்குலேட்டர் நூறால் எண்ணுகிறது. 2:45 என்பது இரண்டே முக்கால் மணி, அதாவது 2.75. அதை 2.45 என்று தட்டினால் பதினெட்டு நிமிட உழைப்பு காணாமல் போகும். எல்லா வரிகளையும் இப்படிப் புள்ளி வைத்துக் கூட்டினால் டிசைன் 4.65, கோடிங் 8.80, மீட்டிங் 0.75 என்று வந்து, மொத்தம் 14,655 ரூபாயில் நிற்கும். பாதுகாப்பான வழி, எல்லாவற்றையும் நிமிடமாக்கி, பெருக்கியபின் 60 ஆல் வகுப்பது:

டிசைன்: 305 நிமிடம் × 800 ÷ 60 = 4,066.67
கோடிங்: 560 நிமிடம் × 1,200 ÷ 60 = 11,200.00
மீட்டிங்: 75 நிமிடம் × 500 ÷ 60 = 625.00
மொத்தம்: 15,891.67 ரூபாய்

புள்ளி வைத்துக் கூட்டியவர் இந்த ஒரு வாரத்தில் இழந்தது 1,236 ரூபாய் 67 காசு. மூன்று கட்டணங்களுக்கும் சராசரி எடுத்து, 833.33 ரூபாய் என்று வைத்து 15:40 மணியோடு பெருக்கினால் இன்னும் மோசம், 13,055.56 ரூபாய்தான் வரும். நேரத்தில் பெரும்பகுதி அதிகக் கட்டணமுள்ள கோடிங்கில் போயிருப்பதை அந்தச் சராசரி கணக்கில் எடுப்பதில்லை.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்றவற்றில் செய்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 5:05 என்று தட்டினால் அவை அதை ஒரு நாளின் பின்னமாகச் சேமிக்கின்றன. நேராக 800 ஆல் பெருக்கினால் 169.44 என்று வரும். அதனால் 24 ஆல் பெருக்க வேண்டும்:

```
=SUMIF(B2:B9,"டிசைன்",C2:C9)*24*800
```

மாதக் கணக்கில் கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டும்போது, 40 மணி என்பது வெறும் 16:00 என்று தெரியக்கூடும். கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் முழு மணியும் தெரியும்.

மொத்த மணி ஒத்துப்போனாலும் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. புதன்கிழமையின் 2:15 கோடிங்கைத் தவறி டிசைனில் சேர்த்தால் 15:40 மாறவே மாறாது. பில் மட்டும் 900 ரூபாய் குறையும். இதற்கு ஒரே மருந்து, வேலை வாரியாக வரிகளையும் எண்ணுவது. ஸ்கிரீன்ஷாட்டில் டிசைன் இரண்டு, கோடிங் மூன்று, மீட்டிங் இரண்டு; கணக்கிலும் அதுவே இருக்க வேண்டும்.

முழு எண்ணாக்கும் விதி முன்கூட்டியே பேசி முடிவாக வேண்டியது. ஒவ்வொரு வரியையும் அருகிலுள்ள கால் மணிக்கு மாற்றினால் இதே வாரம் 15,725 ரூபாய். எப்போதும் மேல்நோக்கிக் கால் மணிக்கு ஏற்றினால் 16,350 ரூபாய். இரண்டுக்கும் இடையே 625 ரூபாய். எந்தப் பேச்சும் இல்லையென்றால் உள்ள நிமிடத்தை அப்படியே கணக்கிட்டு, கடைசித் தொகையை மட்டும் காசுக்குத் திருத்துவதே நியாயம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் 15,891.67 ரூபாய்க்கு மேல் 18 சதவீதம், அதாவது 2,860.50 ரூபாயைத் தனி வரியில் சேர்த்து 18,752.17 என்று காட்டுவார். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடிப்பவராக இருந்தாலும் இன்வாய்ஸில் தொகையைக் குறைத்து எழுதத் தேவையில்லை. பணம் தரும்போது அவரே பிடித்துக்கொள்வார்.

இன்வாய்ஸில் ஒற்றைத் தொகையை எழுதாமல், வேலை, நேரம், கட்டணம், தொகை என்று மூன்று வரிகளாக எழுதி, கூடவே அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அனுப்புங்கள். பணம் தருபவர் சந்தேகம் வந்தால் தாமே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.