டேப் ஒட்டிய பொத்தான்

பவர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால்தான் ரேம் இறங்கும். கைகள் பொத்தானில் இருக்கும்வரை விரல் டைக்குள் போகாது. பழைய இயந்திரங்களில் ஒரு பொத்தானை அழுத்தி டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை விடுபடும், எண்ணிக்கை ஏறும். தகட்டை நேராக்கப் போன கை திரும்பும் முன் மறு கை பொத்தானைத் தட்டிவிட்டால் விரல் போய்விடும்.

இந்த டேப்பைப் பிய்த்தெறிந்த ஒரு சூப்பர்வைசரைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

“அண்ணே, 2,600 பீஸ் போட்டாத்தான் இன்சென்டிவ். நீங்க குடுப்பீங்களா?”

கோபம் நியாயமானதுதான். டேப் இருந்தால் பீஸுக்கு 9 விநாடி, 7 மணி நேரத்தில் 2,800. இல்லையென்றால் 12 விநாடி, 2,100. டீ நேரத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்துபோனார்கள்.

அவர் உபதேசம் செய்யவில்லை, ஸ்டாப்வாட்ச் எடுத்தார். தரையிலிருந்த டப்பாவில் குனிந்து தகடு எடுப்பதிலேயே நேரம் போனது. டப்பா இடுப்புயர ஸ்டாண்டுக்கு ஏறியது. முடிந்த பீஸ் வழுக்கி விழ ஒரு சரிவுத் தகடும் வந்தது. பீஸுக்கு 10 விநாடி, மொத்தம் 2,520. மீதி 80-ஐ இலக்கிலிருந்து குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் மூன்று நாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பின்பு எலக்ட்ரீஷியன் ஒரு ரிலே மாட்டினார். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பொத்தான்களையும் விட்டு அழுத்தினால்தான் இனி ரேம் அசையும். டேப் ஒட்டிப் பயனில்லை. மூத்த ஆபரேட்டர் மட்டும் அவரிடம் இன்னும் பேசுவதில்லை.