ஒரு கிடங்கு, மூன்று பொறுப்பாளர்கள்

ஒரு விடுதியின் மளிகைக் கிடங்குக்கு 50 டின் எண்ணெய்க்கு பில் வருகிறது. இறங்குவதோ 48 டின்தான். சரக்கைப் பெறுவது, கொடுப்பது, கணக்கு எழுதுவது மூன்றும் ஒருவரிடமே இருந்தால், 50 வந்ததாகக் கையெழுத்திட்டு, சமையலுக்கு 2 டின் கூடுதலாகப் போனதாக எழுதிவிடலாம். இருப்பை எண்ணிப் பார்த்தாலும் கணக்கு சரியாகவே இருக்கும்.

வேலையைப் பிரித்தால் இது எளிதில் நடக்காது.

பெறுபவர் பில்லைப் பார்க்காமல், தான் எண்ணியதை மட்டும் வரவுச் சீட்டில் எழுதுவார். கொடுப்பவர், சமையல்காரர் கையெழுத்திட்ட சீட்டுக்கே சரக்கு தருவார். கணக்கர் சரக்கைத் தொடாமல், பில்லையும் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பதிவார். குறையும் 2 டின், பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

மூவரும் கூட்டுச் சேர்ந்தால் இந்த முறை தோற்கும். அப்போது, பரிமாறிய சாப்பாட்டின் எண்ணிக்கையோடு எண்ணெய்ச் செலவை ஒப்பிட்டால் உண்மை வெளிவரும். ஆள் குறைந்த கடைகளில், கணக்கையாவது முதலாளியே எழுத வேண்டும்.