அண்ணாச்சியிடம் என்ன கேட்பது?

மளிகைக் கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதிவைக்கும் ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு மாதம் 5ஆம் தேதி தானாகவே குறுஞ்செய்தி போகும் வசதியைச் சேர்க்கலாமா என்று அந்த நிறுவனம் யோசிக்கிறது. வடிவமைப்பாளர் நாலு கடைக்குப் போய், “இப்படி ஒரு வசதி வந்தா உபயோகமா இருக்குமா அண்ணாச்சி?” என்று கேட்கிறார். நாலு பேரும் “நல்லா இருக்குமே தம்பி” என்கிறார்கள். வசதி தயாராகி வெளியாகிறது. பிறகு பார்த்தால், அதே நாலு பேரும் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

இது கற்பனைக் கதைதான். ஆனால் செயலி செய்யும் எந்த அலுவலகத்திலும் இதன் சாயலில் ஒன்றைக் கேட்கலாம். அண்ணாச்சிகள் பொய் சொல்லவில்லை. இன்னும் வராத ஒன்றைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் கற்பனை செய்துதான் பதில் சொல்ல முடியும். எதிரே ஓர் இளைஞர் ஆசையோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கற்பனை அவருக்குச் சாதகமாகவே சாயும். ‘சரி’ என்று சொல்வதால் அவர்களுக்குச் செலவும் இல்லை.

பயனர் நேர்காணல் என்ற வேலை, கேள்விகளை எழுதுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில் எழுத வேண்டியது எடுக்கப்போகும் முடிவை. நம் உதாரணத்தில் மூன்று வழிகள் உண்டு: செய்தி தானாகப் போகலாம், கடைக்காரர் பொத்தானை அழுத்தினால் போகலாம், அல்லது அந்த வசதியே வேண்டாம். எந்த விவரம் தெரிந்தால் இந்த மூன்றில் ஒன்றை நோக்கி நகர்வோம்? இன்று பாக்கியை எப்படிக் கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதில்லை, கடையில் யார் கேட்கிறார்கள் என்பவை. என்ன பதில் வந்தாலும் முடிவு மாறாது என்றால், அந்த ஆய்வுக்குப் போவதே வீண்.

அடுத்தது யாரைப் பார்ப்பது. விற்பனைப் பிரிவு தரும் பட்டியல் பெரும்பாலும் நம்மிடம் திருப்தியாக இருப்பவர்களின் பட்டியல். அதில் சிலரோடு, செயலியை நிறுவிப் பாதியில் விட்டவர்களும், இன்னும் நோட்டிலேயே எழுதுகிறவர்களும் வேண்டும். ஆள் தேர்வுக்கு “கடன் கொடுப்பீர்களா?” என்று கேட்டால் போதாது. போன மாதம் வசூலாகாத பாக்கி இருந்ததா என்று கேட்க வேண்டும்.

எத்தனை பேர்? கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை உண்டு. முதல் 12 நேர்காணலுக்குப் பிறகு புதிதாக அதிகம் கிடைக்கவில்லை, அடிப்படைக் கருத்துகள் முதல் 6 நேர்காணலிலேயே தென்பட்டுவிட்டன என்று அது சொன்னது. ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரிச் சூழலில் இருந்தவர்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. மளிகைக் கடையோடு மருந்துக் கடையையும் ஜவுளிக் கடையையும் கலந்துகொண்டு எட்டுப் பேர் போதும் என்பது சரிவராது. நாம் மளிகைக் கடைகள் எட்டை எடுத்துக்கொள்வோம்.

பேசும் இடம் கடைதான், கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில். அலுவலகத்துக்கு அழைத்தால் அண்ணாச்சி வருவார், நோட்டு வராது. ஒருவர் கேட்கவும் ஒருவர் குறிப்பெடுக்கவும் என இரண்டு பேர் போனால் போதும். மூன்றாவது ஆள் போனால் விசாரணைக்கு வந்ததுபோல் ஆகிவிடும். குரலைப் பதிவு செய்ய முன்பே அனுமதி கேட்க வேண்டும். செலவிடும் நேரத்துக்குப் பணமும் கொடுக்க வேண்டும். என்ன சொன்னாலும் அந்தப் பணம் உண்டு என்று ஆரம்பத்திலேயே தெரிவித்துவிடுவது நல்லது.

கேள்விகளின் உயிர் ‘கடைசியாக’ என்ற சொல்லில் இருக்கிறது. இப்படி நடக்கலாம்:

“கடைசியா பாக்கி கேட்டது யாருகிட்ட அண்ணாச்சி?”

“முந்தாநேத்து ஒரு டீச்சரம்மா வந்தாங்க.”

“எப்படிக் கேட்டீங்க?”

“கேக்கலையே. புது பில்லு போடும்போது மேல பழைய பாக்கியையும் எழுதிக் குடுத்தேன். அவங்களே பாத்துக்கிட்டாங்க.”

இங்கே வடிவமைப்பாளரின் வாய் துறுதுறுக்கும். ‘அப்போ மெசேஜ் போனா வசதிதானே?’ என்று கேட்டுவிட்டால் நேர்காணல் அத்தோடு முடிந்தது. பேசாமல் இருந்தால் அண்ணாச்சியே தொடர்வார்: “வாயால கேட்டா அடுத்த மாசம் வேற கடைக்குப் போயிருவாங்க தம்பி. அவங்களுக்குச் சம்பளம் எப்போன்னு எனக்குத் தெரியும்ல.” நாம் தேடி வந்தது இதைத்தான்.

நேர்காணல் கெட்டுப்போனதைப் பதிவை எழுத்தாக்கிப் பார்க்கும்போது கண்டுபிடித்துவிடலாம். கேட்டவரின் பேச்சு பக்கத்தில் பாதியை அடைத்திருந்தால் அவர் விற்றிருக்கிறார், விசாரிக்கவில்லை. பதில்கள் ‘பொதுவா’, ‘எப்பவுமே’ என்றே ஓடி, ஒரு ஆளோ ஒரு நாளோ தலைகாட்டவில்லை என்றாலும் அவை கைக்கு உதவாது. முதல் நேர்காணலை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, அதைப் படித்துப் பார்த்துக் கேள்விகளைத் திருத்துவது இதனால்தான்.

எட்டும் முடிந்தபின் குறிப்புகளைச் சீட்டுகளாகப் பிரிக்க வேண்டும், ஒரு சீட்டில் ஒரு விஷயம். பார்த்ததும் கேட்டதும் ஒரு நிறம், நம் ஊகம் வேறு நிறம். பிறகு ஒன்றுக்கொன்று உறவுள்ள சீட்டுகளைச் சேர்த்துக் குவியலாக்கி, கடைசியில் பெயர் வைக்கிறோம். களக் குறிப்புகளை இப்படி ஒழுங்குபடுத்தும் முறையை உருவாக்கியவர் ஜப்பானிய மானுடவியலாளர் கவாகிதா ஜிரோ. முதலிலேயே ‘குறுஞ்செய்தி’, ‘பில்’ என்று தலைப்பு வைத்துவிட்டு அதற்குள் சீட்டுகளைத் திணித்தால், நம் செயலியின் பட்டியலே நமக்குத் திரும்பி வரும்.

கண்டுபிடிப்பை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘வாடிக்கையாளர் உறவு கடைக்காரர்களுக்கு முக்கியம்’ என்பது உண்மை. ஆனால் அதை வைத்து எந்தத் திரையையும் வரைய முடியாது. இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘எட்டில் ஆறு பேர் தெருக்காரர்களிடம் பாக்கியை வாய்விட்டுக் கேட்பதில்லை, அடுத்த பில்லில் காட்டுகிறார்கள். கடைக்கு வருவதையே நிறுத்தியவரிடம் மட்டும் கேட்கிறார்கள்.’ உடனே முடிவுகள் தெரிகின்றன. தானியங்கிச் செய்தி வேண்டாம். பில்லின் மேலே பழைய பாக்கி தானாக வரட்டும். சில வாரங்களாகக் கடைப்பக்கம் வராதவர்களின் பட்டியலைக் கடைக்காரருக்கு மட்டும் காட்டலாம். செய்தி அனுப்புவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

மீதி இரண்டு பேர்? அவர்கள் ஓட்டல்களுக்குச் சரக்குப் போடுகிறவர்கள், தேதி தவறாமல் நினைவூட்ட ஆசைப்படுகிறார்கள். ‘விதிவிலக்கு’ என்று இவர்களை ஓரங்கட்டுவது ஆபத்து. அமெரிக்காவின் இன்டுயிட் நிறுவனம் வீட்டுக் கணக்குக்காக ‘குயிக்கன்’ மென்பொருளை விற்றுவந்தது. வாங்கியவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகச் சொன்னபோதும், நிறுவனம் நெடுநாள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு விசாரித்தபோது, பற்று வரவு முறையைக் கண்டு மிரளும் சிறு வியாபாரிகள் அவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்காக 1992இல் வந்ததுதான் ‘குயிக்புக்ஸ்’. நம் இரண்டு பேரையும் தனிப்பிரிவாகக் குறித்துவைத்து, அதே வகைக் கடைக்காரர்கள் இன்னும் ஐந்தாறு பேரைப் பார்க்க வேண்டும்.

எட்டில் ஆறு என்பதை 75 சதவீதம் என்று யாராவது அறிக்கையில் எழுதினால் அடித்துவிடுங்கள். நேர்காணல் காரணத்தைச் சொல்லும், ஊரில் எத்தனை பேர் அப்படி என்று சொல்லாது. அதற்குச் செயலியின் பயன்பாட்டுப் பதிவுகளைப் பார்க்க வேண்டும், அல்லது பழைய பாக்கி காட்டும் பில்லைச் சில கடைகளில் மட்டும் விட்டு, ஒரு மாதம் வசூலையும் வாடிக்கையாளர் வரவையும் கவனிக்க வேண்டும். எந்த அளவுக்குக் கீழே போனால் இந்த முடிவைக் கைவிடுவோம் என்பதை அந்த மாதம் தொடங்கும் முன்பே எழுதி, தானியங்கிச் செய்திதான் வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கும் மேலாளரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவரைக் குறிப்பெடுப்பவராக இரண்டு கடைகளுக்கு முன்பே அழைத்துப் போயிருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்.