ஒரு அச்சுக்கு ஒரு சிலை

சுவாமிமலையில் ஒரு பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். விநாயகர் சிலை வாங்க வந்தவர் விலையைக் கேட்டதும், "இதே உயரத்துல பித்தளைச் சிலை கடையில நாலாயிரம்தான். நீங்க இருபத்தெட்டாயிரம்ங்கிறீங்களே?" என்றார். ஸ்தபதி கோபப்படவில்லை. "அந்த அச்சு இன்னும் இருக்குங்க. இதோட அச்சை நானே உடைச்சுட்டேன்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து, முதலில் சிலையை மெழுகிலேயே கையால் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி நிழலில் காயவைக்கிறார்கள். பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆலையில் மாதிரி வடிவத்தை ஒருமுறைதான் செய்வார்கள். அதை வைத்து மணல் அச்சு எடுத்துக்கொண்டே இருக்கலாம். என் தொழிலில் ஒருமுறை எழுதிய நிரலை ஆயிரம் பேருக்குக் கொடுப்பது போலத்தான் இதுவும்.

புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உலோகம் கிலோ ஆயிரம், ஒரு நாள் கூலி ஆயிரம். வெண்கலம் மெழுகைவிடச் சுமார் 9 மடங்கு கனம். அதனால் 670 கிராம் மெழுகு உருவத்துக்கு 6 கிலோ உலோகம் வேண்டும்: 6,000 ரூபாய். மெழுகு வேலை 4 நாள், மண்பூச்சும் வார்ப்பும் 2 நாள், உளியும் அரமும் பிடித்து நுணுக்கம் செதுக்க 10 நாள்: 16,000 ரூபாய். ஆக 22,000. இதற்குமேல் கரி, வாடகை, லாபம்.

ஆலைச் சிலை உள்ளே குடைவாக இருப்பதால் உலோகம் 2 கிலோ போதும். மாதிரி செய்ய அதே 16,000 ஆனாலும், 500 சிலைக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 32 ரூபாய்தான். மெருகேற்ற அரை நாள். மொத்தம் 2,532. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் உலோகத்தின் பங்கு 4,000தான். மீதியெல்லாம் பிரித்துக்கொள்ள ஆளில்லாத நாட்கள்.

தோல்வியின் செலவும் உண்டு. மண்ணில் ஈரம் தங்கினால் ஆவி கிளம்பி உலோகத்தில் துளை விழும். விரல்நுனி வரை உலோகம் ஓடாமலும் போகலாம். உலோகத்தைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம், மெழுகில் போன நாலு நாள் திரும்பாது.

ஆனால் விலை அதிகம் என்பதாலேயே கைவேலை என்று நம்பிவிடாதீர்கள். ரப்பர் அச்சில் மெழுகு உருவங்களை வரிசையாக எடுத்து வார்க்கும் வழியும் இருக்கிறது. அதே சிலை இன்னொன்று இருந்தால் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆபரணத்தின் மணி எண்ணிக்கை, துணி மடிப்பு எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போனால், அந்த நாலு நாளுக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.