மாடிக்கு நெட் போக ஒரு ஒயர் போதும்

மாடியில் நெட் வரவில்லை என்று எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஒரே புகார்தான். போனில் டவர் முழுசாகக் காட்டுகிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டியில் கோளாறு என்று கடையில் கொடுத்து மாற்றி வாங்கினாலும் அதே கதைதான். போனில் தெரியும் அந்தக் கோடுகள், போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. எக்ஸ்டெண்டருக்கும் கீழே இருக்கும் ரூட்டருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது போனுக்குத் தெரியாது. சிக்கல் இருப்பது அந்த நடுவழியில். மெஷ் வாங்குவதா, எக்ஸ்டெண்டர் வாங்குவதா என்று முடிவு செய்யவும் முதலில் அந்த வழியைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்டெண்டர், ரூட்டர் அனுப்புவதைக் காதில் வாங்கி மறுபடி சொல்கிற பெட்டி. கேட்பதையும் சொல்வதையும் ஒரே அலைவரிசையில் செய்தால், பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடும். கைக்கு வரும் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் என்பது ஒரே குடும்பத்துப் பெட்டிகள். வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை தரும், எந்தப் பெட்டியில் ஒட்டிக்கொண்டால் நல்லது என்று போனுக்கு யோசனையும் சொல்லும். விலை கூடிய மாடல்களில் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசையே உண்டு. ஆனால் அந்தப் பேச்சும் காற்றில்தான் போகிறது, அதே சுவரைத்தான் துளைத்தாக வேண்டும். வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கெட்டிச் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும், ஆனால் அதில் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசலும் அதிகம்.

கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டில் இதை நேரிலேயே பார்க்க முடிந்தது. கீழ்த்தளம் பழசு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். மாடி பிற்பாடு எடுத்தது, நடுவே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். ஃபைபர் ஒயர் தெருப் பக்கமாக உள்ளே வந்ததால் ரூட்டரையும் அங்கேயே, வாசல் அறை ஜன்னலோரம் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 100 எம்பிபிஎஸ் பிளான். வாசல் அறையில் 90-க்கு மேல் வரும். மாடியில் பின்கட்டு அறையில், தங்கை உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கும் இடத்தில், பத்துக்கும் கீழே.

வாங்கி வைத்த எக்ஸ்டெண்டரை அந்த அறைக்குள்ளேயே செருகியிருந்தார்கள். நெட் வேண்டிய இடத்தில்தானே பெட்டி இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. “ஃபுல் டவர் காட்டுதுப்பா, ஆனா மீட்டிங்ல பேச்சு விட்டு விட்டுத்தான் வருது” என்றார் சித்தி. அந்த அறையில் போனுக்கே எட்டாத சிக்னல் எக்ஸ்டெண்டருக்கு மட்டும் எங்கிருந்து எட்டும்? அதைக் கழற்றி மாடிப்படி திரும்பும் இடத்தில் மாட்டியதும் அறையில் 30-ஐத் தொட்டது. தளத்துக்குள் இருக்கும் கம்பிவலை அலையைத் தடுக்கிறது, ஆனால் படி ஏறும் திறப்பில் தடுக்க ஒன்றுமில்லை. மாடி வீடுகளில் சிக்னல் மேலே ஏறுவதற்குப் படிக்கட்டுதான் நல்ல வழி.

தெரிந்தவர் ஒருவரிடம் இரட்டைப் பெட்டி மெஷ் இரவல் வாங்கிப் பார்த்தோம். அதே படித் திருப்பத்தில் வைத்தபோது அறையில் 45 வாக்கில் வந்தது. இரண்டாவது பெட்டியைப் பின்கட்டு அறைக்கே கொண்டுபோனதும் 15-க்கு இறங்கிவிட்டது. எக்ஸ்டெண்டரை விடப் பல மடங்கு விலையுள்ள சாமானும் அந்தச் சுவரிடம் தோற்றது.

மெஷ்ஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒயர் இழுத்தோம். பழைய கேபிள் டிவி ஒயர் ஒன்று மாடிவரை குழாய்க்குள் சும்மா கிடந்தது. அதன் நுனியில் கேட் 6 லேன் ஒயரை இன்சுலேஷன் டேப்பால் இறுக்கச் சுற்றி, ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் கீழிருந்து தள்ளிவிட, பழையது வெளியே வர வர புதியது உள்ளே போய்விட்டது. ஒரு முனை ரூட்டரில், மறு முனை அதே பழைய எக்ஸ்டெண்டரின் லேன் துளையில். பிறகு எக்ஸ்டெண்டரின் செட்டிங்கில் Access Point Mode என்று மாற்றினோம். அதன்பின் அது காற்றில் எதையும் கேட்க வேண்டியதில்லை, ஒயரில் வருவதை அறைக்குக் கொடுத்தால் போதும். தங்கையின் மேஜையில் 90 வந்தது.

இதனால்தான் சொல்கிறேன்: கெட்டிச் சுவர் வீட்டில் ஒயர் இல்லாத விலை உயர்ந்த மெஷ்ஷை விட, ஒயர் போட்ட சாதாரண எக்ஸ்டெண்டர் மேல். பரணில் பழைய ரூட்டர் கிடந்தால் அதிலும் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும். எக்ஸ்டெண்டர் வாங்குகிறவர்கள் லேன் துளை இருக்கிறதா, இந்த மோடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பெட்டிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தராது. உங்கள் பிளான் 300 என்றால் கிகாபிட் துளை உள்ளதாகப் பாருங்கள்.

ஒயரில் ஏமாறவும் இடமுண்டு. செம்பு பூசிய அலுமினிய ஒயரையும் லேன் ஒயர் என்றே விற்கிறார்கள், முழுச் செம்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும், வீட்டுக்கு அது தாராளம். கரண்ட் ஒயர் போகும் குழாயில் மட்டும் இதைச் சேர்த்து விடாதீர்கள். உள்ளே எட்டு இழைகள் இருக்கின்றன. கிகாபிட் பெட்டி போட்டும் 95-க்கு மேல் ஏறவில்லை என்றால், முனையை கிரிம்ப் செய்தபோது ஓர் இழை சரியாக உட்காரவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்றால் மெஷ் வாங்கலாம். அதற்குமுன் போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, இரண்டாவது பெட்டி வைக்கப்போகும் இடத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். அங்கே போனுக்குக் கிடைப்பதுதான் ஏறக்குறைய அந்தப் பெட்டிக்கும் கிடைக்கும். அங்கேயே 20 என்றால் எந்தப் பெட்டியும் அறையில் 60 தராது. படிக்கட்டோரம், கதவுக்கு நேரே என்று இடம் மாற்றிப் பாருங்கள். இரும்பு பீரோவுக்கும் பெரிய கண்ணாடிக்கும் பின்னால் பெட்டியை வைக்க வேண்டாம்.

மூன்று நான்கு பெட்டி தேவைப்படுகிற பெரிய வீடு, பேசிக்கொண்டே மாடி ஏறி இறங்குகிறவர்கள் இருக்கும் வீடு என்றால், ஒயரும் இழுத்து மெஷ்ஷும் வாங்குவது செலவுக்கு ஏற்ற பலன் தரும். தனித்தனிப் பெட்டிகள் வைத்த வீட்டில், மாடிக்கு வந்த பிறகும் போன் கீழ்ப்பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷ் அந்தத் தொல்லையைக் குறைக்கும், ஆனால் கடைசி முடிவு போனுடையது என்பதால் அடியோடு போகாது. மெஷ்ஷில் எல்லாப் பெட்டிகளிலும் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள், சில மாடல்களில் துணைப் பெட்டிக்கு அது இருக்காது. கம்பெனி கொடுத்த ரூட்டரும் இயங்கிக்கொண்டிருந்தால் மெஷ்ஷையும் Access Point Mode-இல் வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உண்டாகி, கீழே ரூட்டரோடு இணைந்த பிரிண்டரை மாடி லேப்டாப் கண்டுபிடிக்காமல் போகலாம்.

பெட்டியை மாட்டுமுன் அந்த பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே ரூட்டர் எரிந்துகொண்டிருந்தாலும், கரண்ட் போனதும் மாடிப் பெட்டி அணைந்தால் மாடியில் நெட் போய்விடும்.