எக்ஸ்ட்ரா வேலைக்கு ஒரு நோட்டு

வீடு கட்டும்போது சண்டை பெரும்பாலும் கடைசி பில்லில்தான் வெடிக்கிறது. "இதையெல்லாம் நீங்கதானே சார் கேட்டீங்க?" என்பார் காண்ட்ராக்டர். "இவ்வளவு ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்பார் வீட்டுக்காரர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். கேட்டதும் ஒப்புக்கொண்டதும் வாய்ப்பேச்சோடு போய்விட்டதுதான் கோளாறு.

இதற்கு ஒரு நீள நோட்டு போதும். ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் ஒரு வரி: வரிசை எண், தேதி, கேட்டவர், வேலை, கூடும் அல்லது குறையும் தொகை, முடியும் தேதியில் மாற்றம், இரு தரப்புக் கையெழுத்து. கடைசியில் அன்றுவரையான மொத்தத் தொகையும் புதிய முடிவுத் தேதியும்.

1,200 சதுர அடி வீடு, சதுர அடி 2,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகை 27,60,000. ஜனவரி 18க்குள் முடிய வேண்டும். தை முகூர்த்தம் பார்த்தாயிற்று.

முதல் வரி, திண்ணைக்கு டைல்ஸுக்குப் பதில் கிரானைட். செலவு 17,000 ரூபாய். ஆனால் டைல்ஸுக்கென ஒப்பந்தத்தில் ஏற்கெனவே 9,000 இருக்கிறது. அதைக் கழித்து 8,000 என்றுதான் எழுத வேண்டும். இந்தக் கழிவைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

இரண்டாவது, பூச்சு முடிந்த படுக்கையறையில் ஏசி பாயிண்ட். சுவரை வெட்டி, பைப் புதைத்து, தனி வயர் இழுத்து, மறுபடி பூச வேண்டும். 7,500 ரூபாய். பூச்சு காய நாளாகும். ஆனால் பெயிண்டர் அதற்குள் மற்ற அறைகளைப் பார்த்துக்கொள்வார். ஆகவே தேதியில் மாற்றம் பூஜ்யம். வேலைக்கு எத்தனை நாள் என்பது வேறு, வீடு எத்தனை நாள் தள்ளும் என்பது வேறு. நோட்டில் ஏற வேண்டியது இரண்டாவதுதான். மொத்தம் இப்போது 27,75,500.

மூன்றாவது, சமையலறை சிங்க்கை எதிர்ச்சுவருக்கு மாற்றுவது. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் இரண்டையும் மாற்றிக் கசிவு பார்த்த பிறகே டைல்ஸ்காரர் வரமுடியும். அவருக்குப் பின்னால் கார்பென்டர் காத்திருக்கிறார். 14,000 ரூபாய், 6 நாள். ஜனவரி 24 என்று எழுதிப் பார்த்ததும் முகூர்த்தம் தவறுவது தெரிகிறது. "வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அந்த வரியை அடிக்கக் கூடாது. பிறகு "சிங்க்கை ஏன் மாற்றலை?" என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் அங்கே இருக்கும்.

செலவில்லாத மாற்றத்தையும் எழுதுங்கள். கதவு திறக்கும் பக்கத்தை மாற்றச் சொன்னதுகூடப் பின்னாளில் தகராறாகும்.

சைட்டுக்கு வரும் மாமனாரோ அத்தையோ மேஸ்திரியிடம் நேரே ஒரு வேலை சொல்லிவிடுவதுதான் இந்த நோட்டைப் பாழாக்கும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கையெழுத்துப் போடுவது தரப்புக்கு ஒருவர் மட்டுமே. வெளியூரில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கி, நேரில் வரும்போது கையெழுத்திடலாம்.

வீடு கட்டப்போகிறவர்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: நோட்டில் இருவரும் கையெழுத்திடும்முன் கூடுதல் வேலை எதையும் தொடங்கக் கூடாது.